காணொளியின் முகப்புக்கு எந்த ஃபிரேம்? கண், மங்கல், முகபாவம்

கோத்தகிரிக்கு அருகே ஒரு சிறு தேயிலைத் தோட்டத்தில், சென்ற ஐப்பசியில், மாலை நான்கு மணிக்கு மேல் மூடுபனி இறங்கத் தொடங்கிய நேரத்தில் எடுத்த 42 விநாடிக் காணொளி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும் ஓர் அக்கா, பறித்ததைத் தோளுக்குப் பின்னால் இருக்கும் பைக்குள் போடுகிறார். பிறகு நிமிர்ந்து, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக எதைப் பறிக்க வேண்டும் என்று கேமராவைப் பார்த்துச் சொல்கிறார். விநாடிக்கு 30 ஃபிரேம் வீதம் எடுத்ததால், அந்த 42 விநாடிக்குள் 1260 தனிப் படங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைத்தான் முகப்புப் படமாக வைக்க முடியும். கைபேசிச் செயலி தானாக எடுத்துக் கொடுத்த படத்தில் அக்காவின் ஒரு கண் பாதி மூடியிருந்தது. வாய் ஏதோ ஒரு எழுத்தின் நடுவில் நின்றிருந்தது.

நல்ல ஃபிரேமைத் தேடும்போது மூன்று விஷயங்களைப் பார்க்கிறோம்: கண் திறந்திருக்கிறதா, படம் அசைவால் மங்கியிருக்கிறதா, முகத்தில் என்ன தெரிகிறது. புதிதாகக் கற்பவர்கள் இம்மூன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டி, அதிக மதிப்பெண் பெற்ற ஃபிரேமை எடுக்க நினைக்கிறார்கள். அதில்தான் பிழை நேர்கிறது. கண்ணும் மங்கலும் வேண்டாதவற்றைக் கழித்துவிடுவதற்கான சோதனைகள். எஞ்சியவற்றிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலையை முகபாவம் மட்டுமே செய்ய முடியும். ஏன் இப்படிப் பிரிக்க வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அதற்கு முன், ஃபிரேம்களைச் சரியாக வெளியே எடுக்க வேண்டும். கைபேசியில் விரலால் காணொளியை நகர்த்திப் பார்க்கும்போது அது ஒவ்வொரு ஃபிரேமையும் காட்டுவதில்லை, இடையிடையே தாவுகிறது. திரைப்பிடிப்பு எடுத்தாலோ, காணொளியின் அளவில் அல்லாமல் திரையின் அளவில்தான் படம் கிடைக்கும். கணினியில் VLC இருந்தால் காணொளியை நிறுத்திவிட்டு E விசையை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ஒரு ஃபிரேம் முன்னே நகரும். முதலில் இப்படி ஓடவிட்டு, முகம் நன்றாகத் தெரியும் மூன்று நான்கு விநாடிப் பகுதி ஒன்றைக் குறித்துக்கொள்வது போதும். 1260 படங்களையும் பார்க்க வேண்டியதில்லை. இந்தக் காணொளியில் 17ஆம் விநாடியிலிருந்து நான்கு விநாடிகளை எடுத்துக்கொண்டேன். அவற்றைத் தனித்தனிப் படங்களாக்க, ffmpeg என்ற இலவச மென்பொருளின் இந்தக் கட்டளை உதவும்:

```
ffmpeg -ss 00:00:17 -t 4 -i kozhundhu.mp4 -fps_mode passthrough f_%03d.png
```

`-fps_mode passthrough` என்ற பகுதியைச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. கைபேசிக் காணொளிகளில் ஃபிரேம்களுக்கு இடையிலான நேரம் எப்போதும் ஒரே அளவாக இருப்பதில்லை. இதைச் சேர்க்காவிட்டால் அந்த இடைவெளியை நிரப்ப ஒரே படம் இரண்டு முறை வந்துவிடலாம். பழைய பதிப்புகளில் இதற்குப் பதில் `-vsync 0` என்று எழுத வேண்டும். என் பகுதியிலிருந்து f_001 முதல் f_120 வரை 120 படங்கள் கிடைத்தன.

இனி கண்ணுக்கு வருவோம். ஒரு சாதாரண இமைப்பு ஏறத்தாழ 0.1 முதல் 0.4 விநாடி வரை நீடிக்கிறது. விநாடிக்கு 30 ஃபிரேம் என்றால், ஒரே இமைப்பு மூன்று முதல் பன்னிரண்டு ஃபிரேம்களைப் பிடித்துக்கொள்கிறது. இமை மூடுவதைவிடத் திறப்பது மெதுவாக நடக்கும் என்பதால், முழுதாக மூடிய ஃபிரேம்களைத் தாண்டிய பிறகும் அரைக்கண் நிலையிலான ஃபிரேம்கள் சில தொடர்ந்து வரும். முழுதாக மூடிய கண்ணை யாரும் தவறவிடுவதில்லை. ஏமாற்றுவது இந்த அரைக்கண்தான். அதில் கருவிழியின் கீழ்ப்பாதி தெரிவதால் பெரிய திரையில் வேகமாகப் பார்ப்பவருக்குக் கண் திறந்திருப்பதாகவே தோன்றும். சிறிய முகப்புப் படமாகச் சுருக்கியதும் அந்த முகம் தூக்கக் கலக்கத்தில் இருப்பது போல மாறிவிடும். ஆகவே, மூடிய ஃபிரேம் ஒன்றைக் கண்டால் அதற்கு முன்னால் இரண்டு மூன்று, பின்னால் நான்கைந்து என்று சேர்த்தே கழித்துவிடுவது நல்லது.

கண் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை அளக்க EAR என்ற எளிய விகிதம் ஒன்று உள்ளது. கண்ணைச் சுற்றி ஆறு புள்ளிகள் வைக்கிறோம்: இரு ஓரங்களில் p1, p4; மேலிமையில் p2, p3; அவற்றுக்கு நேர் கீழே கீழிமையில் p6, p5. இரண்டு உயரங்களையும் கூட்டி, அகலத்தின் இருமடங்கால் வகுக்க வேண்டும்.

```
EAR = (|p2-p6| + |p3-p5|) / (2 × |p1-p4|)
```

முகப் புள்ளிகளைக் கண்டறியும் மென்பொருள்கள் தரும் புள்ளிகளிலிருந்து இதைக் கணக்கிடலாம். ஆனால் ஒரு படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு கையாலும் அளந்துவிடலாம். அக்காவின் கண் அகலம் 90 பிக்சல். நன்றாகத் திறந்திருந்த ஒரு ஃபிரேமில் இரண்டு உயரங்களும் 26, 28. இவற்றின் கூட்டுத்தொகை 54. அதை 180ஆல் வகுத்தால் 0.30. அரைக்கண் ஃபிரேம் ஒன்றில் உயரங்கள் 13, 14 ஆகக் குறைந்தன, விகிதம் 0.15. அகலத்தால் வகுப்பதால், அவர் கேமராவுக்கு அருகில் வந்தாலும் விலகினாலும் இந்த எண் பெரிதாக மாறாது. அவர் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பினால் மட்டும் கண் அகலம் சுருங்கித் தெரிந்து, எண் பொய் சொல்லும்.

இங்கே இரண்டு பொறிகள் இருக்கின்றன. முதலாவது, கீழே பார்க்கும் கண். கொழுந்தைப் பார்த்துக் குனிந்திருக்கும்போது மேலிமை தாழ்ந்துவிடுவதால் விகிதம் 0.17 வரை இறங்குகிறது. எண்ணை மட்டும் பார்த்தால் இமைப்பு என்றே தோன்றும். வேறுபடுத்தும் வழி காலம்தான்: இமைப்பு பன்னிரண்டு ஃபிரேம்களுக்குள் முடிந்து பழைய நிலைக்குத் திரும்பும், கீழ்ப்பார்வை அரை விநாடி, ஒரு விநாடி என்று நீடிக்கும். அப்படிப்பட்ட ஃபிரேம் கெட்டது என்று சொல்ல மாட்டேன். வேலையைக் காட்டுவதே காணொளியின் நோக்கமானால், கையையும் கொழுந்தையும் பார்க்கும் முகம் அழகான முகப்பாக அமையும். பேசுபவரைக் காட்ட வேண்டுமானால் அதைக் கழிக்கலாம்.

இரண்டாவது பொறி இன்னும் முக்கியமானது. மனம் விட்டுச் சிரிக்கும்போது கண்ணைச் சுற்றியுள்ள தசை இறுகி, கன்னம் மேலே ஏறி, கண் சற்றுச் சுருங்குகிறது. அக்கா சிரித்த ஃபிரேமில் உயரங்கள் 20, 21. விகிதம் ஏறத்தாழ 0.23. விகிதம் கூடக் கூட நல்லது என்று வரிசைப்படுத்தினால், சிரித்த முகங்கள் எல்லாம் பின்னுக்குப் போய், திடுக்கிட்டு விழிக்கும் முகம் முதலிடத்துக்கு வந்துவிடும். அதனால்தான் கண்ணுக்கு மதிப்பெண் போடக் கூடாது என்கிறேன். ஒரு வாசல் வைத்தால் போதும்: அந்த மனிதரின் சாதாரணத் திறந்த கண்ணில் பாதிக்கும் சற்று மேலே, இவருக்கு 0.19 என்று வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே உள்ளவற்றைக் கழித்துவிட்டு, மேலே உள்ள எல்லாவற்றையும் சமமாக நடத்த வேண்டும். இந்த எல்லையை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு அப்படியே எடுத்துச் செல்லவும் கூடாது. இயல்பாகவே சிறிய கண் உடையவர்கள் எல்லா ஃபிரேமிலும் தோற்றுவிடுவார்கள்.

அடுத்தது மங்கல். எல்லா மங்கலும் அசைவால் வருவதில்லை. ஃபோக்கஸ் தவறினாலும் முகம் மங்கும். ஆனால் அப்போது பின்னால் உள்ள செடியோ முன்னால் உள்ள கையோ தெளிவாக இருக்கும். கேமரா ஆடியிருந்தால் படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருக்கும். ஆள் அசைந்திருந்தால் ஆள் மட்டும் இழுபட்டு, பின்னணி தெளிவாக இருக்கும். ஐயம் வந்தால் படத்தில் ஒரு சிறு ஒளிப்புள்ளியைத் தேடிப் பாருங்கள். கண்மணியில் விழும் வானத்தின் வெளிச்சம், மூக்குத்தி, இலை நுனியில் நிற்கும் நீர்த்துளி என எதுவாக இருந்தாலும் சரி. ஃபோக்கஸ் தவறியிருந்தால் அந்தப் புள்ளி வட்டமாக விரியும். அசைவு என்றால் கோடாக நீளும், கோட்டின் திசையே அசைவின் திசை. இந்த அக்காவின் மூக்குத்தி எனக்கு எந்த எண்ணையும்விட அதிக உதவி செய்தது.

அசைவு மங்கலின் அளவு ஒரு எளிய பெருக்கல்தான்: பொருள் ஒரு விநாடியில் எத்தனை பிக்சல் நகர்கிறதோ, அதை ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தால் பெருக்க வேண்டும். அக்கா தலையைத் திருப்பியபோது முகம் விநாடிக்குச் சுமார் 300 பிக்சல் வேகத்தில் நகர்ந்தது. நல்ல வெயிலில் கைபேசி 1/500 விநாடி வைத்திருந்தால் மங்கல் ஒரு பிக்சலுக்கும் குறைவு, கண்ணுக்கே தெரியாது. மூடுபனி இறங்கிய மாலையில், சில்வர் ஓக் மரங்களின் நிழலும் சேர்ந்துகொண்டதால், கைபேசி 1/30 விநாடிக்கு இறங்கிவிட்டது. விநாடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும்போது அதற்குமேல் ஷட்டரைத் திறந்துவைக்க வழியில்லை. அதே தலையசைவு இப்போது 10 பிக்சல் மங்கல். விநாடிக்கு 1500 பிக்சல் வேகத்தில் தோளுக்கு மேலே போகும் கை 50 பிக்சல் மங்கல். மலைப்பகுதியில் எடுத்த காணொளிகளில் தெளிவான ஃபிரேம் கிடைப்பது அரிதாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த வெளிச்சக் குறைவுதான். விலை உயர்ந்த கைபேசியும் இதற்கு முழு விலக்கல்ல.

ஆனால் இந்தப் பெருக்கலே வழியையும் காட்டுகிறது. வேகம் சுழியமானால் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் மங்கல் சுழியம்தான். போய்த் திரும்பும் எந்த அசைவிலும், திசை மாறும் இடத்தில் ஒரு கணம் வேகம் நின்றுபோகிறது. கொழுந்தைப் பைக்குள் போடும் கை தோளுக்குப் பின்னால் எட்டி, திரும்பத் தொடங்கும் கணம். தலையாட்டும்போது தலை ஒரு பக்கம் போய் நிற்கும் கணம். குனிந்து நிமிரும்போது நிமிர்ந்து முடித்த கணம். அசைவின் நடுவில் தேடாமல் இந்தத் திருப்பங்களில் தேடினால், இருண்ட காணொளியிலும் இரண்டு மூன்று தெளிவான ஃபிரேம்கள் அகப்படும்.

தெளிவை எண்ணால் அளக்க வேண்டுமானால் லாப்லாசியன் மாறுபாடு என்ற முறை பரவலாகப் பயன்படுகிறது. ஒவ்வொரு பிக்சலையும் அதன் நான்கு அண்டைப் பிக்சல்களோடு ஒப்பிட்டு வேறுபாட்டைக் கணக்கிட்டு, அந்த வேறுபாடுகள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்று பார்க்கிறது. கூரான விளிம்புகள் நிறைய இருந்தால் எண் பெரிதாகும், மங்கினால் சிறிதாகும். பைத்தான் மொழியில், OpenCV என்ற படச் செயலாக்க நூலகத்தைக் கொண்டு இப்படி எழுதலாம்:

```
import cv2
img = cv2.imread("f_076.png", 0)
eye = img[400:480, 780:1060]
print(cv2.Laplacian(eye, cv2.CV_64F).var())
```

மூன்றாவது வரி மிக அவசியம். படம் முழுவதற்கும் கணக்கிட்டால், ஆயிரக்கணக்கான தேயிலைகளின் விளிம்புகள் சேர்ந்து எண்ணை உயர்த்திவிடும். முகம் மங்கியிருந்தாலும் அது மறைந்துபோகும். எனவே இரு கண்களையும் சூழ்ந்த பகுதியை மட்டும் வெட்டி அளக்க வேண்டும். தலை நகர்ந்தால் அந்த எண்களையும் நகர்த்த வேண்டும். இத்தனைக்குமேல் தெளிவு, இத்தனைக்குக் கீழே மங்கல் என்று எல்லாக் காணொளிக்கும் பொருந்தும் எல்லை எதுவும் இல்லை. அடுத்தடுத்த ஃபிரேம்களுக்குள் ஒப்பிடத்தான் இந்த எண் பயன்படும்.

மூடுபனி இந்த அளவையையும் குழப்பும். பனிப்படலம் கேமராவுக்கும் முகத்துக்கும் இடையே வந்தால் கறுப்புக்கும் வெளுப்புக்கும் உள்ள வேறுபாடு குறைகிறது; அதனால் அசைவே இல்லாத முகமும் குறைந்த எண் பெறுகிறது. மறுபுறம், இருட்டில் கைபேசி ஒளியுணர்வைக் கூட்டும்போது படத்தில் வரும் பொடிப்பொடியான இரைச்சலைக் கூரான விளிம்பு என்று கணக்கிட்டு, மோசமான ஃபிரேமுக்கு அதிக எண்ணைத் தந்துவிடும். எண் திடீரென்று விழுந்த இடத்தில் படத்தைத் திறந்து பாருங்கள்: மூக்குத்தியின் ஒளி புள்ளியாகவே இருந்து, நிறம் மட்டும் வெளிறியிருந்தால் அது பனி, புள்ளி கோடாகியிருந்தால் அசைவு. பனியால் வெளிறியதைப் பின்னர் ஓரளவு சரிசெய்யலாம். அசைவு மங்கலைப் போக்குவது அவ்வளவு எளிதல்ல.

எவ்வளவு மங்கலைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது, முகப்புப் படம் எந்த அளவில் பார்க்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. 1920 பிக்சல் அகலப் படம் கைபேசித் திரையில் 480 பிக்சல் அகலத்துக்குச் சுருங்கினால், 4 பிக்சல் மங்கல் ஒரு பிக்சலாகிவிடும். யாரும் அதைக் காண மாட்டார்கள். 10 பிக்சல் மங்கல் இரண்டரைப் பிக்சலாக எஞ்சி, கண்ணைக் கறையாக்கும். பாதி மூடிய கண்ணோ எவ்வளவு சுருக்கினாலும் பாதி மூடிய கண்தான். ஆகவே கண்ணில் கண்டிப்பும், சிறு மங்கலில் தாராளமும் காட்டலாம்.

முகபாவத்துக்கு அளவுகோல் இல்லை. ஆனால் எங்கே தேடுவது என்று சொல்ல முடியும். பேசும் முகம் பெரும்பாலான நேரம் ஏதாவது ஓர் எழுத்தின் நடுவில் இருக்கிறது. உ, ஊ, ஒ, ஓ என்று சொல்லும்போது உதடு குவிகிறது. அசையாப் படத்தில் அது ஊதுவது போல இருக்கும். ஆ என்னும்போது வாய் திறந்து, கத்துவது போலாகிறது. ப, ம என்னும்போது உதடுகள் ஒட்டிக்கொண்டு, எதையோ அடக்கிக்கொள்வது போலத் தெரிகிறது. இ, ஈ, எ, ஏ ஆகியவற்றில் உதடு பக்கவாட்டில் விரிவதால் புன்னகை போலவே இருக்கும். ஆனால் கன்னமும் கண்ணும் அதில் சேராததால் அந்தப் புன்னகை வாயோடு நின்றுவிடும். வாயைக் கையால் மறைத்துவிட்டுக் கண்ணை மட்டும் பாருங்கள்: கண்ணில் சிரிப்பு தெரியாவிட்டால் அது எழுத்தின் வடிவமே. உண்மையான பாவம் பெரும்பாலும் வாக்கியம் முடிந்த பிறகு, அடுத்த மூச்சு எடுப்பதற்கு முன்பு, கால் விநாடி அல்லது அரை விநாடி முகத்தில் தங்குகிறது. சொல்ல வந்ததைச் சொல்லி முடித்த நிறைவு அங்கேதான் இருக்கும். எனவே காணொளியை ஒலியோடு ஒரு முறை கேட்டு, வாக்கியங்கள் முடியும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அந்த இடங்களைச் சுற்றித் தேடுவது பாதி வேலையைக் குறைக்கும்.

இப்போது அந்த 120 ஃபிரேம்கள். முதல் 14இல் அக்கா குனிந்து கொழுந்தைப் பார்க்கிறார். f_022 முதல் f_031 வரை ஓர் இமைப்பு. f_088 முதல் f_098 வரை இன்னொன்று. இந்த 35 கழிந்து 85 மிஞ்சின. f_040 முதல் f_058 வரை தலையைக் கேமராவின் பக்கம் திருப்புகிறார்; நடுவில் உள்ள f_049இல் கண் பகுதியின் லாப்லாசியன் எண் 38தான், மூக்குத்தி ஒரு கோடு. அந்த 19உம் போக, 66 மிஞ்சின. திருப்பத்துக்கு முந்திய சில ஃபிரேம்களில் வாய் குவிந்தும் ஒட்டியும் இருந்ததால், அவையும் நிற்கவில்லை.

எஞ்சியவற்றில் எண்களின்படி முதலிடம் பெற்றது f_112. கண் விகிதம் 0.33, லாப்லாசியன் 210. நான் அடுத்த கேள்வி கேட்கும்போது அவர் அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்த கணம் அது; அசையாததால் தெளிவு, கூர்ந்து கவனித்ததால் அகன்ற கண். f_076இன் எண்களோ 0.23, 165. “இந்த மொட்டோட சேர்த்துதான் பறிக்கணும்” என்று f_070இல் முடித்துவிட்டு, கையில் இருந்த கொழுந்தைத் தூக்கிக் காட்டியபடி அவர் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு கன்னம் வரை எட்டியிருந்த ஃபிரேம் அது. முகத்தின் மங்கல் மூன்று பிக்சல் அளவே. உயர்ந்துகொண்டிருந்த கை மட்டும் நன்றாக மங்கியிருந்தது. அதை நான் குறையாகக் கருதவில்லை, கொழுந்தைக் காட்டும் விரைவு அதில் தெரிந்தது.

இரண்டையும் கைபேசித் திரை அளவுக்குச் சுருக்கி, அக்காவிடமே காட்டினேன். f_112ஐப் பார்த்ததும், “இதுல யாரோ என்னை அதட்டுன மாதிரி நிக்கிறேன், தம்பி” என்றார். f_076ஐக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கை ஏன் இப்படிக் கலைந்திருக்கிறது என்று மட்டும் கேட்டார். வெளிச்சம் குறைந்த நேரம் அக்கா, அதனால்தான் என்றேன். அடுத்த முறை பனி இறங்குவதற்கு முன்பு, காலை பத்து மணிக்கே வரச் சொன்னார்.